காரணம் சொல்லாத திருத்தம்

பதினொன்றாம் தேதி காலை பத்தரை மணிக்குப் பத்திரிகை அலுவலகத்து வரவேற்பறையில் ஒரு கணவனும் மனைவியும் வந்து உட்கார்ந்தார்கள். மனைவிக்குக் கழுத்தின் இடப்பக்கத்திலிருந்து முழங்கை வரை கட்டு. கணவர் மடியில் இரண்டு நாள் பழைய பத்திரிகை நான்காக மடித்து இருந்தது. யாரைப் பார்க்க வேண்டும் என்று வரவேற்பில் இருந்த பெண் கேட்டதற்கு, "தப்பா போட்டா யாரைப் பார்க்கணுமோ அவங்களை," என்றார்.

அந்த அலுவலகத்தில் அதற்கென்று இருந்தது ஒருத்திதான். ஐம்பத்திரண்டு வயது, துணைச் செய்தி ஆசிரியர். கையில் எப்போதும் ஒரு எஃகு ஸ்கேல் இருக்கும். பக்கத்தில் ஒரு செய்தி எத்தனை சென்டிமீட்டர் என்று அச்சுத்தாளின் மேலேயே வைத்து அளந்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். நேரில் ஸ்கேல் அக்கா என்பார்கள், முதுகுக்குப் பின்னால் வெறும் ஸ்கேல்.

அவள் வருவதற்கு முன்பு அந்தப் பத்திரிகையில் திருத்தம் என்பது பதினோராம் பக்கத்தில், வானிலைக்குக் கீழே, கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் வரும். "தவிர்க்க முடியாத காரணத்தால் நேர்ந்த பிழைக்கு வருந்துகிறோம்" என்று இருக்கும். என்ன பிழை, யாரைப் பற்றியது, எது சரி, ஒன்றும் இருக்காது. நான்கு வருடத்துக்கு முன்பு அவள்தான் சண்டை போட்டு அதை மாற்றினாள். எந்தத் தேதி, எந்தப் பக்கம், என்ன போட்டோம், அதில் எது தவறு, சரியானது எது, இவ்வளவும் திருத்தத்தில் வர வேண்டும். முதல் பக்கத்தில் செய்த தவறுக்கு முதல் பக்கத்தில்தான் திருத்தம். அவசரம், இடமில்லை, கம்ப்யூட்டர் கோளாறு என்று காரணம் சொல்லக்கூடாது. ஊழியர் யார் பேரும் வரக்கூடாது, தவறு பத்திரிகையுடையது. மொத்தமே அரைப் பக்கத்துக்குள் அடங்கும் விதி. அதைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியதும் அவள்தான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதைப் பாடமாகவே எடுப்பாள். "காரணம் சொன்னா மன்னிப்பு பாதியாயிடும்," என்பாள்.

வந்தவர் பத்திரிகையைப் பிரித்து மேஜையில் வைத்தார். ஒன்பதாம் தேதி முதல் பக்கம். இரண்டு மணி நேரப் பேருந்துத் தொலைவில் இருக்கும் ஊரில் ஓர் ஆலையில் மதியச் சாப்பாடு சாப்பிட்ட அறுபத்துமூன்று தொழிலாளர்கள் மருத்துவமனையில் சேர்ந்திருந்தார்கள். இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். உணவைத் தயாரித்தது மார்க்கெட் தெருவில் இருக்கும் சமையற்கூடம் என்று மூன்றாவது பத்தியில் இருந்தது.

"மார்க்கெட் தெருக் கூடம் என்னுது," என்றார் அவர். "ஆலைக்குச் சமைச்சது என் தம்பி. அவன் கூடம் ஸ்டேஷன் ரோட்ல. பாகம் பிரிஞ்சு எட்டு வருஷம் ஆச்சு. அப்பா பேரை மட்டும் ரெண்டு பேரும் போர்டுல வச்சிருக்கோம். ஊர்ல என்னைப் பெரியவர்னும் அவனைச் சின்னவர்னும் சொல்லுவாங்க. பத்திரிகைல அதெல்லாம் இல்லையே."

செய்தி வந்த அன்று காலையிலேயே இறந்தவர்களின் ஆட்கள் மார்க்கெட் தெருவுக்கு வந்துவிட்டார்கள். கண்ணாடியை உடைத்தார்கள், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த அண்டாவைக் கவிழ்த்தார்கள். எதிரில் நின்றது பெரியவரின் மனைவி. அவள் இதையெல்லாம் சொல்லவில்லை. கணவர் சொல்லச் சொல்ல, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நஷ்ட ஈடு கேக்க வரலை," என்றார் பெரியவர். "எந்த இடத்துல போட்டீங்களோ அதே இடத்துல போடுங்க. தப்புன்னு தெளிவா தெரியற மாதிரி போடுங்க. மழுப்பாதீங்க."

"நாளைக்கே வரும். மழுப்ப மாட்டேன்," என்றாள் ஸ்கேல் அக்கா. அந்த வாக்கை அவள் எழுத்துப் பிசகாமல் காப்பாற்றினாள். இனி நடந்ததெல்லாம் அதனால்தான் நடந்தது.

அவர்கள் போனதும் அந்த ஊர் நிருபருக்குப் போன் செய்தாள். மாதச் சம்பளக்காரர் இல்லை, செய்திக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர். நாற்பது வயதிருக்கும். எங்கே எது நடந்தாலும் ஒரு பழைய மொபெட்டில் முதல் ஆளாய்ப் போய் நிற்பார் என்பதால் ஊரிலும் ஆபீசிலும் அவருக்கு மொபெட் என்றே பேர். அந்தச் செய்தியின் தலையில் அவர் பேர்தான் இருந்தது.

"அக்கா, நீங்களே கூப்பிடுவீங்கன்னு நினைச்சேன்," என்றார் மொபெட். "நான் சரியாத்தான் அனுப்பினேன். ஸ்டேஷன் ரோடுன்னு எழுதி, மார்க்கெட் தெருக்காரருக்குச் சம்பந்தம் இல்லைன்னு தனி வரியே போட்டிருந்தேன். அது எங்க போச்சுன்னு தெரியலை. படிச்சுக் காட்டவா?"

"வேணாம். நான் பார்க்கறேன்."

அலுவலகக் கணினியில் ஒவ்வொரு செய்தியின் வரலாறும் இருக்கும். நிருபர் அனுப்பியது எது, யார் கை வைத்தார்கள், எத்தனை மணிக்கு என்ன மாறியது, எல்லாம். முப்பது நாள் வரைக்கும் இருக்கும், பிறகு அச்சான வடிவம் மட்டும் நிற்கும். அவள் திறந்து பார்த்தாள்.

மொபெட் அனுப்பியது அவர் சொன்னபடியே இருந்தது. எட்டாம் தேதி மாலை ஆறு ஐம்பத்திரண்டுக்கு அந்தப் பத்தியில் கை வைத்தது அவளுடைய கணக்கு. அவளுக்கு உடனே ஞாபகம் வந்தது. கடைசி நேரத்தில் மருத்துவமனைப் படம் ஒன்று வந்து, செய்தியில் மூன்று வரி அதிகமாகிவிட்டது. அந்தப் பேருள்ள சமையற்கூடம் என்றாலே அவளுக்கு மார்க்கெட் தெருதான். அலுவலகத்துக்கே இரண்டு முறை அங்கிருந்து சாப்பாடு வந்திருக்கிறது. நிருபர் தெருவை மாற்றி எழுதிக் குழப்பியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு, இரண்டு வாக்கியத்தை ஒன்றாக்கி, ஸ்டேஷன் ரோட்டை அடித்து மார்க்கெட் தெருவைப் போட்டாள். மூன்று வரி மிச்சமாயிற்று. மொபெட்டைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும்.

திரையை மூடினாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து, சுகாதார ஆய்வாளரைப் போனில் பிடித்து, சாப்பாடு ஸ்டேஷன் ரோட்டிலிருந்துதான் போனது என்று அவர் வாயாலேயே உறுதி செய்துகொண்டு, திருத்தத்தை எழுத உட்கார்ந்தாள்.

மதியம் ஆசிரியர் அறையில் கூடினார்கள். ஆசிரியர், வக்கீல், அவள், மூன்றே பேர். வக்கீல் அவள் எழுதியதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இப்படித் துணியைக் கழட்டிட்டு நிக்கணுமா? ஆறாம் பக்கம் போதும். 'நிருபர் அளித்த தகவலின் அடிப்படையில்'னு ஒரு வார்த்தை சேர்த்துக்குவோம். நாளைக்குக் கோர்ட்டுல உதவும்."

"சேர்க்க மாட்டேன்," என்றாள் அவள். "நிருபர் மேல பழியைத் தள்ளிட்டு நாம ஒதுங்கறதா? அது நம்ம வழக்கம் இல்லை. முதல் பக்கத்துல வந்தது, முதல் பக்கத்துலதான் திருத்தம். அந்தம்மா கழுத்தைப் போய்ப் பாருங்க, அப்புறம் ஆறாம் பக்கம்னு சொல்லுங்க."

அவள் குரல் நடுங்கியது. கோபத்தில் நடுங்குகிறது என்று இரண்டு பேரும் நினைத்தார்கள். வக்கீல் கையை விரித்துவிட்டார். ஆசிரியர் அவளைக் கொஞ்சம் பெருமையாகவே பார்த்தார்.

"போடுங்க. ஆனா நமக்குள்ள சொல்லுங்க, சொதப்பினது யாரு? மொபெட்தானே?"

அந்தக் கேள்விக்குப் பதில் இரண்டே எழுத்து. அவள் ஸ்கேலை மேஜை விளிம்போடு சேர்த்து வைத்தாள்.

"தவறு பத்திரிகையோடது, சார். யாருன்னு பார்க்கறது வேற விஷயம். விசாரிச்சுட்டுச் சொல்றேன்."

மறுநாள் முதல் பக்கத்தில், அந்தச் செய்தி வந்த அதே இடத்தில், கட்டம் கட்டி இது வந்தது:

"திருத்தம். ஆலைத் தொழிலாளர்கள் சாப்பிட்ட உணவை மார்க்கெட் தெருவில் உள்ள சமையற்கூடம் தயாரித்ததாக ஒன்பதாம் தேதி முதல் பக்கத்தில் வெளியிட்டோம். இது தவறு. அந்த உணவு ஸ்டேஷன் ரோட்டில் அதே பெயரில் இயங்கும் வேறொரு சமையற்கூடத்தில் தயாரானது. மார்க்கெட் தெருச் சமையற்கூடத்துக்கும் அதன் உரிமையாளருக்கும் இந்தச் சம்பவத்தில் எந்தத் தொடர்பும் இல்லை. தவறு எங்களுடையது. உரிமையாளரிடமும் அவர் குடும்பத்தாரிடமும் வாசகர்களிடமும் மன்னிப்புக் கேட்கிறோம்."

இணையத்தில் இருந்த செய்தியையும் திருத்தி, எது மாறியது என்று அதன் தலையிலேயே எழுதினார்கள். பழையதைச் சத்தமில்லாமல் துடைக்கவில்லை. அன்று காலை முழுக்க வாசகர்கள் போன் செய்தார்கள். இப்படி நேராகத் தப்பை ஒப்புக்கொள்ளும் பத்திரிகையைப் பார்த்ததில்லை என்று ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் கடிதமே அனுப்பினார். ஆசிரியர் அதைப் படியெடுத்து விதிக்குப் பக்கத்தில் ஒட்டச் சொன்னார்.

ஊரில் அதைப் படித்தவர்கள் வேறு மாதிரி படித்தார்கள். தவறு என்று போட்டிருக்கிறார்கள், சரி. ஏன் நடந்தது? எழுதினவன் இதே ஊர்க்காரன். அண்ணன் கூடம் எது, தம்பி கூடம் எது என்று ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தெரிந்தவன் மாற்றி எழுதினால் அது கை தவறியதா? திருத்தத்தில் காரணம் இல்லை. அதனால் ஊரே ஒரு காரணத்தைச் செய்துகொண்டது. சின்னவர் பணம் கொடுத்திருக்கிறார், மொபெட் வாங்கிக்கொண்டு பழியைப் பெரியவர் தலையில் கட்டியிருக்கிறார். மதியத்துக்குள் எவ்வளவு கொடுத்தார் என்பதுகூட ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பதின்மூன்றாம் தேதி மதியம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பெரியவர் மனைவியின் தம்பிகள் இரண்டு பேரும், கூடத்தில் வேலை செய்கிற நாலைந்து பேரும் மொபெட்டை மடக்கினார்கள். அவர் தன் போனை எடுத்து, அனுப்பிய செய்தியைக் காட்டப் பார்த்தார். போன்தான் முதலில் உடைந்தது.

"எழுதின கை எது?" என்று கேட்டார்கள்.

பயத்தில் மனிதருக்குப் பொய் வரவில்லை. "போன்லதான் அடிப்பேன். ரெண்டு கைலயும்," என்றார்.

ரெண்டு கட்டை விரலையும் உடைத்தார்கள். அவருடைய வண்டியின் பின் சீட்டிலேயே வைத்து, அதற்கென்றே கொண்டு வந்த சப்பாத்திக் கட்டையால். பார்த்துக்கொண்டு நின்றவர்களில் ஒருவரும் விலக்கவில்லை. ஒருவர் மட்டும், தலையில் அடிக்காதீர்கள், போய்ச் சேர்ந்துவிடப் போகிறான் என்று அறிவுரை சொன்னார்.

மறுநாள் மருத்துவமனையிலிருந்து அவர் கூப்பிட்டார். அவர் மனைவி தன் போனை அவர் காதில் வைத்துப் பிடித்திருந்தாள்.

"அக்கா, கை ஒரு மாதிரி ஆயிடுச்சு. அது கிடக்கட்டும். ஒரே ஒரு வார்த்தை வேணும். இன்னொரு சின்னத் திருத்தம். 'செய்தியைச் செப்பனிடும்போது நேர்ந்தது'ன்னு. என் பேர்கூட வேணாம். ஊர்ல புரிஞ்சுக்குவாங்க."

"காரணம் எழுத மாட்டோமே. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். நீங்க எடுத்த கிளாஸ்ல நானும்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனா அக்கா, என் பொண்ணை ஸ்கூல்ல பக்கத்துல உட்கார வைக்க மாட்டேங்கறாங்களாம்." "ஆபீஸ்ல யாரு அதை மாத்தினது? கம்ப்யூட்டர்ல இருக்குமே. நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்கணும்," என்றாள் அவள்.

"நீங்க பார்த்தா போதும். நீங்க இருக்கற தைரியத்துலதான் இருக்கேன்."

போனை வைத்ததும் அவள் கழிப்பறைக்குப் போய் ரொம்ப நேரம் முகத்தைக் கழுவினாள். பிறகு வந்து அன்றைய பக்கங்களைப் பார்த்தாள். அன்று ஒரு பிழைகூட இல்லை.

ஒரு வாரம் கழித்து இரண்டு கையிலும் கட்டோடு மொபெட் மனைவியைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கே வந்தார். ஆசிரியர் அவர்களை உட்காரச் சொல்லவில்லை. ஸ்கேல் அக்கா சன்னல் ஓரம் நின்றாள்.

"பணம் வாங்கினீங்கன்னு ஊரே சொல்லுது," என்றார் ஆசிரியர்.

"நான் சரியாத்தான் சார் அனுப்பினேன். என் போன் போயிடுச்சு. ஆனா நம்ம சிஸ்டத்துல இருக்கும். அக்காவைக் கேளுங்க."

ஆசிரியர் அவள் பக்கம் திரும்பினார். மொபெட்டும் திரும்பினார். அவருடைய மனைவி மட்டும் திரும்பவில்லை. அவள் வந்ததிலிருந்தே ஸ்கேல் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் முழுசா பார்க்கலை, சார்," என்றாள் ஸ்கேல் அக்கா.

"பார்த்துச் சொல்லுங்க. அதுவரைக்கும் இவர்கிட்ட செய்தி வாங்க வேணாம்," என்றார் ஆசிரியர். அதோடு முடிந்தது. பன்னிரண்டு வருட வேலை, மூன்று நிமிடத்தில். வெளியே போகும்போது மொபெட்டால் கதவைத் திறக்க முடியவில்லை. மனைவி திறந்துவிட்டாள். அவர் தலையை மட்டும் திருப்பி, "சீக்கிரம் பாருங்க அக்கா, முப்பது நாள்தான் இருக்கும்," என்றார்.

அந்த முப்பது நாளை அவள் விரல்விட்டு எண்ணினாள். தன் மேஜை நாட்காட்டியில் ஏழாம் தேதியின் மேல் யாருக்கும் தெரியாத மாதிரி ஒரு புள்ளி வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அவள் பொய் சொல்லவில்லை, யார் மேலும் பழி போடவில்லை, விதியை மீறவில்லை. இதையே தனக்குத் தானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள்.

இடையில் பெரியவர் மனைவி ஒரு நாள் வந்தாள். தழும்புக்கு மருத்துவரைப் பார்க்க வந்தவள், நன்றி சொல்லிவிட்டுப் போக வந்திருந்தாள். ஒரு அடுக்குக் கேரியர் நிறையச் சாப்பாடு கொண்டு வந்து மேஜையில் வைத்தாள்.

"உங்களாலதான் வியாபாரம் மறுபடி நிமிர்ந்துச்சு. பத்திரிகையைக் கண்ணாடி போட்டு மாட்டி வச்சிருக்கோம்," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த ஆளையும் சும்மா விடலை. என் தம்பிங்க ரெண்டு விரலையும் மாவா ஆக்கிட்டாங்க. கத்தினான் பாருங்க, தெருமுனை வரைக்கும் கேட்டுச்சாம். எனக்கு வெந்நீர் கொட்டினப்போ நான் எப்படிக் கத்தினேனோ அப்படி." அவள் சிரித்தபோது கழுத்துத் தோல் ஒரு பக்கம் இழுத்தது. "சாப்பிடுங்க. ஆறிடப் போகுது."

ஸ்கேல் அக்கா சாப்பிட்டாள். வந்தவள் பார்த்துக்கொண்டிருந்ததால் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னாள்.

ஏழாம் தேதி தாண்டியது. எட்டாம் தேதி காலை கணினியைத் திறந்து பார்த்தாள். அச்சான வடிவம் மட்டும் இருந்தது. ஆறு ஐம்பத்திரண்டு இல்லை, அவள் கணக்கு இல்லை, ஒன்றும் இல்லை.

எல்லாம் அழிந்த பிறகுதான் அவள் மனசாட்சிக்குத் தைரியம் வந்தது. அன்றே ஆசிரியர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடியே சொன்னாள். மொபெட் சரியாக அனுப்பினார், மாற்றியது நான், புகார் வந்த அன்றைக்கே எனக்குத் தெரியும், மறைத்தேன்.

ஆசிரியர் எழுந்து வந்து அவள் தோளைத் தட்டினார்.

"உங்க மனசு எனக்குத் தெரியாதா? அவன் கையைப் பார்த்ததுலேருந்து நீங்க சரியா சாப்பிடக்கூட இல்லைன்னு கேன்டீன்ல சொன்னாங்க. அவனுக்காகப் பழியைத் தூக்கித் தலைல வச்சுக்கப் பார்க்கறீங்க."

"இல்லை சார். நிஜம்."

"சரி, நிஜம்னே வச்சுக்குவோம். ஆதாரம் எங்க? இல்லை. ஒரு தப்புக்கு எத்தனை திருத்தம் போடறது? முதல்ல போட்டதுல என்ன தப்பு இருக்கு? ஒரு வார்த்தை தப்பு இருந்தா காட்டுங்க, இப்பவே போடறேன்."

ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அவளே எழுதியது.

"காரணம் போட மாட்டோம், ஊழியர் பேர் போட மாட்டோம். சுவத்துல ஒட்டினது நீங்க. அதை நீங்களே கிழிச்சா நாளைக்கு எவன் மதிப்பான்? போங்க, ரெண்டு நாள் லீவு எடுத்துக்கங்க."

அறையை விட்டு வெளியே வந்தபோது அவளுக்குக் கால் லேசாக இருந்தது. அது நிம்மதி என்று தெரிந்ததும் தன் மேலேயே அருவருப்பு வந்தது. ஆனால் நிம்மதி போகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பேருந்து ஏறி மொபெட் வீட்டுக்குப் போனாள். இரண்டு அறை வீடு. வாசலில் அந்தப் பழைய வண்டி இல்லை, விற்றாயிற்று. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கட்டு அவிழ்த்திருந்தார்கள். இரண்டு கட்டை விரலும் மடங்காமல் வெளிப்பக்கம் சாய்ந்து நின்றன. மனைவி கதவருகே நின்றாள். உள்ளே வாங்க என்று சொன்னவர் அவர்தான்.

அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"எனக்கு உங்க மேல சந்தேகமே வரலை," என்றார் அவர். "இவ முதல் நாளே சொன்னா. நான்தான் இவளைத் திட்டினேன்." மனைவியைப் பார்த்து, "பேப்பர் எடு," என்றார். "எழுதிக் கொடுங்க, அக்கா. உங்க கையெழுத்துல."

பள்ளி நோட்டு ஒன்றிலிருந்து தாளைக் கிழித்துக் கொடுத்தாள் மனைவி. ஸ்கேல் அக்கா எழுதினாள். அவர் எட்டிப் பார்த்தார்.

"'இட நெருக்கடியில்'னு இருக்கே. அதை எடுங்க."

அடித்தாள்.

"'எதிர்பாராமல்'. அதையும்."

அதையும் அடித்துவிட்டு, வேறு தாளில் சுத்தமாக எழுதினாள். நிருபர் சரியாக எழுதி அனுப்பினார். அதைத் தவறாக மாற்றியது நான். புகார் வந்த அன்றே எனக்குத் தெரியும். முப்பது நாள் சொல்லவில்லை. கீழே பேரும் பதவியும் தேதியும்.

"நல்லா இருக்கு," என்றார் மொபெட். "எந்தப் பக்கத்துல வரும்?"

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

மனைவி அந்தத் தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். மார்க்கெட் தெரு பத்து நிமிட நடை. அவள் போயிருந்தபோது அவர், மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைங்க, எனக்குத் திருப்ப வரமாட்டேங்குது என்றார். ஸ்கேல் அக்கா எழுந்து கூட்டி வைத்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்து மனைவி வெறுங்கையோடு வந்தாள்.

"படிச்சார்," என்றாள். "ரெண்டு தடவை படிச்சார். அப்புறம் கல்லாவுலேருந்து எழுந்து வந்து, தங்கச்சி, இது வெளிய வந்தா என் மச்சானுங்க ரெண்டு பேரும் உள்ள போவாங்க. அவங்க ஒரு திருடனை அடிச்சதாத்தான் ஊரு நினைச்சுட்டிருக்கு, அப்படியே இருக்கட்டும்னார். மரியாதையாத்தான் சொன்னார். பேப்பரை அடுப்புல போட்டார். காபி குடிச்சுட்டுப் போன்னு வேற சொன்னார்."

மொபெட் சிரித்தார். அவர் சிரித்து அந்த வீட்டில் ஒரு மாதம் ஆகியிருக்கும். மனைவி அவரைப் பார்க்காமல், நோட்டை எடுத்து வந்து ஸ்கேல் அக்காவின் முன்னால் வைத்தாள்.

"இன்னொண்ணு எழுதுங்க."

அவள் எழுதினாள்.

"இன்னொண்ணு."

அதையும் எழுதினாள். மனைவி அவள் தோளுக்குப் பின்னால் நின்று வரிக்கு வரி பார்த்தாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. நாலாவது தாளில் ஸ்கேல் அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நாலரை பஸ்ஸை விட்டா ஏழு மணிக்கு அச்சுக்குப் பக்கம் அனுப்ப முடியாது," என்றாள். "நான் போயாகணும்."

"போங்க அக்கா, பக்கம் முக்கியம்," என்றார் மொபெட். அவர் குத்தலாகச் சொன்னாரா நிஜமாகவே சொன்னாரா என்று அவளுக்கு விளங்கவில்லை. அவருக்கும் விளங்கியிருக்காது.

அந்தத் தாள்களில் ஒன்றை மனைவி காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனாள். போலீசார் பத்திரிகைக்கு எழுதிக் கேட்டார்கள். பன்னிரண்டாம் தேதி வெளியான திருத்தமே முழுமையானது, அதில் சேர்க்க ஒன்றும் இல்லை என்று ஆசிரியர் கையெழுத்தோடு பதில் வந்தது. அந்தப் பதிலை எழுதிக் கொடுத்தவர் வக்கீல். அதன் நகல் ஸ்கேல் அக்காவின் மேஜைக்கும் வந்தது. ஒரு சொல் இரண்டு முறை வந்திருந்ததைக் கண்டுபிடித்து அவள் திருத்தி அனுப்பினாள். அடுத்த வருடம் செய்தி ஆசிரியர் ஆனாள்.

மீதித் தாள்களை மொபெட்டின் மனைவி நகல் எடுத்து, ஒரு விடியற்காலையில் பேருந்து நிலையத்துச் சுவரிலும், பள்ளிக்கூட வாசலிலும், மார்க்கெட் தெருவிலுமாகத் தன் கையாலேயே ஒட்டினாள். நின்று படித்தவர்கள், எவ்வளவு கொடுத்து எழுதி வாங்கினார்களோ என்று பேசிக்கொண்டே போனார்கள். மூன்றாம் நாள் சின்னவர், மூடிக் கிடந்த தன் கூடத்தை வேறு பேரில் மறுபடி திறந்தார். அதற்கான பெரிய வண்ணச் சுவரொட்டிகளை ஒட்ட வந்தவர்கள், காலியான இடம் தேடி அலையாமல், அந்த நகல்களின் மேலேயே பசையைத் தடவினார்கள்.